சிசி லிமிட்டுக்கு எந்தக் கணக்கு: விற்பனையில் 20 சதவீதமா, சுழற்சி நாட்களா?

சிறு தொழிலுக்கு கேஷ் கிரெடிட் கேட்டுப் போனால் வங்கியில் முதலில் போடுவது ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழு சொன்ன விற்றுமுதல் கணக்கு. எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் நடைமுறை மூலதனம். அதில் 20 வங்கியுடையது, 5 நம்முடையது. போட்ட பணம் 3 மாதத்தில் திரும்பிவிடும் என்பது இதன் அடிப்படை. விற்பனை 120 லட்சம் ரூபாய் என்றால் தேவை 30 லட்சம், வங்கி 24, நாம் 6.

அதே தொழிலைச் சுழற்சி நாட்களில் பார்ப்போம். மூலப்பொருள் 45 நாள் கிடக்கிறது, தயாரிப்பில் 10, சரக்காக 20, வாடிக்கையாளர் பணம் தர 75. மொத்தம் 150. சப்ளையர் தரும் 30 நாள் கடனைக் கழித்தால் 120.

ஆண்டுச் செலவு 108 லட்சம் என்று வைத்து, அதை 120/360 ஆல் பெருக்கி 36 லட்சம் என்று முடித்துவிடும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகள் நிறைய. இது மிகைக் கணக்கு. குடோனில் கிடக்கும் மூலப்பொருளில் கூலியும் கரண்ட் பில்லும் இன்னும் ஏறவில்லையே! ஒவ்வொரு கட்டத்துக்கும் அங்கே முடங்கும் செலவை மட்டும் எடுக்க வேண்டும். மூலப்பொருள் ஆண்டுக்கு 72 லட்சம், அதில் 45 நாளுக்கு 9 லட்சம். உற்பத்திச் செலவு 90 லட்சம், அதனால் தயாரிப்பில் 2.5, சரக்கில் 5. வரவேண்டிய பாக்கி மொத்தச் செலவின் அடிப்படையில் 22.5. கூட்டினால் நடப்புச் சொத்து 39, சப்ளையர் கடன் 6 போக தேவை 33 லட்சம்.

தேவை 3 லட்சம் கூடியதால் லிமிட்டும் கூடும் என்று நினைக்க வேண்டாம். சுழற்சிக் கணக்கில் வங்கி பெரும்பாலும் நடப்புச் சொத்தில் 25 சதவீதத்தை நம் பங்காக, மார்ஜினாகக் கேட்கும். 39-ல் அது 9.75. மீதியில் சப்ளையர் கடன் 6 போனால் வங்கிப் பங்கு 23.25 தான், விற்றுமுதல் கணக்கின் 24-ஐ விடக் குறைவு. இந்தத் தொழிலுக்கு விண்ணப்பம் விற்றுமுதல் கணக்கிலேயே போகட்டும். ஆனால் கைப்பணம் 6 போதாது, 9 லட்சம் வேண்டும் என்பதைச் சுழற்சிக் கணக்குதான் காட்டிக்கொடுக்கிறது.

சுழற்சி நீளும்போது நிலைமை மாறும். சீசனில் மட்டும் கிடைக்கும் மூலப்பொருளை 105 நாளுக்கு வாங்கி வைத்தால் நடப்புச் சொத்து 51 லட்சமாகிறது, வங்கிப் பங்கு 32.25. அங்கே சுழற்சிக் கணக்கைத்தான் வற்புறுத்த வேண்டும்.

ஆனால் நீளுவது வசூல் என்றால் ஜாக்கிரதை. லிமிட் எவ்வளவு இருந்தாலும், எடுக்க முடிவது, கையிலுள்ள சரக்கையும் பாக்கியையும் வைத்து வங்கி போடும் டிராயிங் பவர் அளவுக்கே. 90 நாள் தாண்டிய பில்களைப் பல வங்கிகள் அதில் சேர்ப்பதில்லை. சராசரி 75 நாள் என்பதற்குள் 40 நாள் பில்லும் 130 நாள் பில்லும் ஒளிந்திருக்கும். விண்ணப்பிக்கும் முன் பாக்கிப் பட்டியலைப் பில் தேதி வாரியாகப் பிரித்து, 90 நாள் தாண்டியதைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகையை முழுக்கக் கைப்பணத்தில்தான் சமாளிக்க வேண்டியிருக்கும்.