விபிஎஃப்: 7 வருஷம் கட்டினவன் சொல்றேன், நல்லதும் கடுப்பும்

பாலக்கோட்டுல இருக்கற என் தங்கச்சி வீட்டுக்காரர் போன வாரம் போன் பண்ணி "மச்சான், நீங்க பிஎஃப்-ல கூடுதலா போடுறீங்களாமே, நானும் மாசம் 20,000 போட்டுடவா"ன்னு கேட்டாரு. போன்ல சொன்னா முடியாது மாப்ள, எழுதறேன்னு சொல்லிட்டு எழுதறேன்.

நான் ஓசூர் சிப்காட்ல ஒரு கம்பெனி, கிருஷ்ணகிரில இருந்து கம்பெனி பஸ்ல போய்ட்டு வர்றேன். 2018 ஏப்ரல் சம்பளத்துல இருந்து வழக்கமா பிடிக்கற 12 சதவீதத்துக்கு மேல நானா விரும்பிப் போடற விபிஎஃப் மாசம் 5000. கம்பெனியும் அதுக்கு சமமா போடும்னு நெனச்சுதான் ஆரம்பிச்சேன், அதெல்லாம் கெடையாது, கூடுதலா போடறது நம்ம காசு மட்டும்தான், வட்டி மட்டும் பிஎஃப் வட்டியே.

மொத வருஷ வட்டிய பாத்து ஏமாந்துட்டேன். 55,000 போட்டதுக்கு 1982 ரூபா! எட்டே முக்கால் சதவீதம் கிட்ட வட்டின்னு சொன்னாங்களே, நாலாயிரத்து சொச்சம் வரணுமேன்னு அக்கவுண்ட்ஸ்ல இருந்த ஒரு அண்ணன்கிட்ட போய் சண்டைக்கு நின்னேன். அவர்தான் ஒரு டீ குடிக்கற நேரத்துல புரிய வச்சாரு. ஏப்ரல் சம்பளத்துல பிடிச்ச 5000-அ கம்பெனி மே 15-க்குள்ள கட்டும், அதுக்கு வட்டி ஜூன்ல இருந்துதான் ஓட ஆரம்பிக்கும், மார்ச் வரைக்கும் 10 மாசம், 8.65 சதவீதத்துல 360 ரூபா. அடுத்த மாசம் போனதுக்கு 9 மாசம், இப்படியே எறங்கி மார்ச்ல கட்டினதுக்கு அந்த வருஷம் பைசா வட்டி இல்ல. அதே போல மார்ச் சம்பளத்து பணம் ஏப்ரல்லதான் போகும், அது அடுத்த வருஷக் கணக்கு, அதான் 12 மாசம் பிடிச்சும் மொத வருஷத்துல 11 தடவ பணம் ஏறியிருக்குது. வட்டிய மாசாமாசம் இருக்கற பாக்கிக்கு கணக்கு பண்றாங்க, ஆனா அசலோட சேக்கறது வருஷத்துக்கு ஒரு தடவ. வருஷத்துக்கு நடுவுல வட்டிக்கு வட்டி கெடையாது.

இது புரிஞ்ச அன்னைக்கே ஒரு 80 பக்க நோட்டு வாங்கினேன். ஏன்னா என்னோட பெரிய கடுப்பே இதான், பாஸ்புக்குல விபிஎஃப்-னு தனி கட்டமே கெடையாது! தொழிலாளி பங்கு, கம்பெனி பங்கு, பென்ஷன், அவ்ளோதான். நாம கூடுதலா போடறதெல்லாம் தொழிலாளி பங்குல கரைஞ்சு போயிருக்கும், ஏழு வருஷமா போட்ட பணம் இன்னைக்கு எவ்ளோ ஆகியிருக்குன்னு நீங்களே சம்பள சீட்ட வச்சு கழிச்சுப் பாத்தாதான் உண்டு. நான் நோட்டுல ஒரு பக்கம் மொத்த தொழிலாளி பங்கும், எதிர் பக்கம் விபிஎஃப் மட்டும் தனியா போடுவேன், மொத்தப் பக்கம் பாஸ்புக்கோட ஒரு ரூபா ரெண்டு ரூபா வித்தியாசத்துல ஒத்துப்போனா எதிர் பக்கமும் சரின்னு எடுத்துக்குவேன். இந்த வேலைய நான் ஏன் செய்யணும்?

தனி கட்டம் இல்லாததால எனக்கு என்ன ஆச்சுன்னு கேளுங்க. 2022 ஏப்ரல்ல சம்பளம் திடீர்னு ஏழாயிரம் கிட்ட ஏறி வந்துச்சு. இன்க்ரிமென்ட் பலமா போட்டுட்டாங்கன்னு வீட்டம்மாவுக்கு புது போன் வாங்கிக் குடுத்தேன், பசங்களுக்கு பிரியாணி வேற. ஜூலைல ஒரு நாள் பாஸ்புக் பாத்தா தொழிலாளி பங்குல எட்டாயிரத்துக்கு மேல ஏறவேண்டிய எடத்துல மூணாயிரத்து சொச்சம் நிக்குது. என்னடான்னு பாத்தா எங்க கம்பெனில வருஷா வருஷம் ஏப்ரல்ல விபிஎஃப் விருப்பக் கடுதாசி புதுசா குடுக்கணுமாம், பழையது தானா தொடராதாம். யாரும் சொல்லவும் இல்ல, நானும் கேக்கல. ஏறினதுல 5000 என்னோட சொந்தக் காசு, இன்க்ரிமென்ட் ரெண்டாயிரம்தான்! விட்டுப்போன மூணு மாசத்த சேத்துப் பிடிங்கன்னு கேட்டேன், முடியாது, ஜூலை சம்பளத்துல இருந்துதான்னுட்டாங்க. அந்த 15,000 போயிருந்தா 2025 மார்ச்ல 18,651 ஆகியிருக்கும். வட்டி மட்டும் 3651 போச்சு. சரி, பாதி தப்பு என்னோடதுதான், சம்பள சீட்ட விரிச்சுப் பாக்காதது நான்தானே.

அதே வருஷம் இன்னொரு கூத்து. 2021-22 வட்டி பாஸ்புக்குல ஏறவே இல்ல, ஊரே கத்துச்சு, வட்டிக்கு வரி போடற முறை மாறுனதால சாஃப்ட்வேர் மாத்தறாங்க, யாருக்கும் நஷ்டம் இல்லன்னு நிதி அமைச்சகம் சொல்லுச்சு. நான் நம்பல. லேட்டா ஏறினா அதுக்கு அடுத்த வருஷ வட்டி கொறையும்ல? என் விபிஎஃப்-க்கு மட்டும் அந்த வருஷ வட்டி 18,189, அத சேக்காம அடுத்த வருஷம் கணக்கு பண்ணியிருந்தா 1482 ரூபா கொறஞ்சிருக்கும். 2022-23 வட்டி ஏறினதும் நோட்டோட ஒத்துப் பாத்தேன். கொறையல. எப்ப பதிஞ்சாலும் ஏப்ரல் 1-ஆம் தேதி பாக்கில சேந்தே இருந்த மாதிரிதான் கணக்கு. இதுல அவங்கள குத்தம் சொல்ல முடியாது, வயித்தெரிச்சல் மட்டும் மிச்சம்.

வட்டி நிலையா இருக்கும்னு நெனைக்காதீங்க, வருஷா வருஷம் அறிவிப்பாங்க. நான் ஆரம்பிச்சப்ப 8.65, அப்பறம் ரெண்டு வருஷம் 8.5, 2021-22-ல 8.1-க்கு விழுந்துச்சு, நாப்பது வருஷத்துல அவ்ளோ கம்மி கெடையாது, அப்பறம் 8.15, 2023-24, 2024-25 ரெண்டு வருஷமும் 8.25.

இனி நோட்டோட கடைசி வரி. 2025 மார்ச் வரைக்கும் நான் போட்டது சரியா 4 லட்சம், நிக்கறது 5,32,776. மொத வருஷம் 1982 குடுத்த அதே கணக்கு ஏழாவது வருஷம் 38,127 குடுத்துச்சு. நான் வருஷம் முழுக்க போட்டதே 60,000 தான், அதுல பாதிக்கு மேல தானா வந்து உக்காந்துருக்குது. ராத்திரி பத்து மணிக்கு கால்குலேட்டர்ல ரெண்டு தடவ தட்டிப் பாத்தேன், நம்பிக்க வரல.

மாப்ள விஷயத்துக்கு வர்றேன். உங்க பேசிக் 40,000, வழக்கமா போறது 4800, அதோட 20,000 சேந்தா வருஷத்துக்கு 2,97,600. நம்ம பங்கு வருஷம் இரண்டரை லட்சத்த தாண்டினா, தாண்டின 47,600-க்கு வர்ற வட்டிக்கு வரி உண்டு. அந்த வருஷத்தோட விடாது, அந்தப் பணம் தனிக் கணக்குல நின்னு வருஷா வருஷம் வரி கட்டற வட்டியா குடுத்துட்டே இருக்கும். அதனால 16,000-ல நிறுத்துங்க. புது வரி முறைல இருந்தீங்கன்னா 80சி கழிவுக்காகன்னு போடாதீங்க, அது அங்க கெடைக்காது.

அவசரத்துக்கு எடுக்கலாம்னும் நான் கணக்கு போட்டிருந்தேன். 2019 கோடைல எங்க தோட்டத்துல போர் தண்ணி நின்னு மாமரம் காய ஆரம்பிச்சுது. வைத்தியம், கல்யாணம், வீடுன்னு பிஎஃப்-ல அப்ப இருந்த காரணப் பட்டியல்ல போர்வெல் இல்ல. சொசைட்டில நகைய வச்சுதான் போட்டேன்.

மார்க் கேட்டீங்கன்னா 10-க்கு 5. ஒரு கட்டம் சேத்து அச்சடிக்க வக்கில்லாததுக்கு இதுக்கு மேல மனசு வரல.

இந்த ஏப்ரல்ல 5000-அ 7000-ஆ ஏத்தி கடுதாசி குடுத்துட்டேன். வாங்கின பொண்ணு சீல் வச்சு நகல் குடுத்துச்சு, நான் அதையும் போன்ல ஒரு போட்டோ எடுத்தேன். "ஏன் சார், நகல்தான் இருக்குதே"ன்னு கேட்டுச்சு. சிரிச்சுட்டு வந்துட்டேன். மே மாச கடைசில பாஸ்புக் தெறந்து பாத்துட்டுத்தான் மாப்ளைக்கு இத எழுத உக்காந்தேன்.