காம்பஸ் கருவி: எந்த நியாயத்தை எடுத்துக்கொள்வது?

ஒருவர் மறுபடி குற்றம் செய்ய எவ்வளவு வாய்ப்பு என்று மதிப்பெண் போடும் கணினிக் கருவி காம்பஸ். தண்டனை, பரோல் முடிவுகளுக்கு அமெரிக்காவில் பார்க்கப்படும் இதை 2016இல் புரோபப்ளிகா என்ற செய்தித் தளம் அலசியது. ஃபுளோரிடாவின் ஒரு மாவட்டத்தில், மறுபடி குற்றம் செய்யாதவர்களிலேயே கறுப்பினத்தவரில் சுமார் 45%, வெள்ளையரில் சுமார் 23% பேருக்கு 'ஆபத்தானவர்' முத்திரை. தயாரித்த நிறுவனமோ, ஒரே மதிப்பெண் வாங்கிய இரு இனத்தாரும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் மறுபடி சிக்கினார்கள், அப்புறம் என்ன பாரபட்சம் என்றது.

இரண்டுமே சரி, சிக்கலே அதுதான். ஒரு குழுவில் 100க்கு 50 பேர், இன்னொன்றில் 30 பேர் மறுபடி கைதாகிறார்கள் என்று வையுங்கள். கருவி முதல் குழுவில் 60 பேரையும் அடுத்ததில் 20 பேரையும் குறிக்கிறது, இரண்டிலும் குறித்தவர்களில் 60% சரி. ஆனால் கைதாகாதவர்களில் வீணாக மாட்டியவர்கள் அங்கே 50க்கு 24, இங்கே 70க்கு 8.

என் ஓட்டு முதல் அளவுகோலுக்கே, வீணாக மாட்டியவர்களை எண்ணுவதற்கே. கருவி எண்ணுவது கைதை, குற்றத்தை அல்ல. போலீஸ் அதிகம் சுற்றும் தெருவில் அந்த 50ஏ ஊதியிருக்கலாம்.