மாலை ஜிம்முக்கு எப்போது தண்ணீர் குடிப்பது: 3 மணிக்கா, கிளம்பும்போதா?

எங்கள் ஆபீசில் வேலை முடிந்து 7 மணிக்கு ஜிம்முக்குப் போகிறவர்கள் இரண்டு கட்சி. பகலில் காபியோடு நிறுத்திக்கொண்டு, கிளம்பும்போது ஒரு லிட்டர் பாட்டிலை மடமடவென்று காலி செய்கிறவர்கள் ஒரு கட்சி. மதியச் சாப்பாட்டிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறவர்கள் இன்னொன்று. இரண்டையும் செய்து பார்த்துவிட்டு நான் இரண்டாவது கட்சியில் இருக்கிறேன்.

கிளம்பும்போது குடிப்பதில் ஒரு வசதி உண்டு. மீட்டிங் நடுவே எழுந்து போக வேண்டியதில்லை. ஆனால் வெறும் தண்ணீர் ஒரே மூச்சில் உள்ளே போனால் ரத்தம் சற்று நீர்த்துப்போகும், சிறுநீரகம் உடனே மிச்சத்தை வெளியேற்ற ஆரம்பிக்கும். ஒரு மணி நேரத்தில், சரியாக ஸ்குவாட் செட் நடுவே, பாத்ரூமுக்கு ஓட வேண்டிவரும். அதுவரை வயிற்றில் தண்ணீர் குலுங்கும். இதைவிட முக்கியம், ஜிம்முக்கென்று குடித்ததில் நல்ல பங்கு ஜிம் முடியும் முன்பே போய்விடும்.

ஏசியைப் பற்றி ஒன்று. வெளியே குழாயில் சொட்டும் தண்ணீர் அறைக் காற்றிலிருந்து எடுத்ததுதான். அதனால் உதடு காயும். ஆனாலும் வெயிலில் நிற்பவரைவிட நாம் இழப்பது குறைவே. சிக்கல், குளிரில் தாகம் சரியாகத் தெரியாமல் மறந்துபோவது.

அதனால் எனக்கு எல்லாவற்றையும் முடிவு செய்வது நேரம்தான். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2007-இல் சொன்ன கணக்கு எளிது: பயிற்சிக்கு ஏறக்குறைய 4 மணி நேரம் முன்பு, எடையில் கிலோவுக்கு 5 முதல் 7 மில்லி. 70 கிலோ ஆளுக்கு 350 முதல் 490 மில்லி, அதாவது 3 மணிக்கு இரண்டு டம்ளர். 5 மணிவாக்கில் சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் இன்னும் ஒரு டம்ளர். வெளிர் மஞ்சள் என்றால் போதும். (பி வைட்டமின் மாத்திரை போடுகிறவர்கள் நிறத்தை நம்ப வேண்டாம், அது எப்படியும் பளிச்சென்று மஞ்சளாக்கும்.) மதியச் சாப்பாட்டின் உப்பும் உடலில் தண்ணீரைப் பிடித்துவைக்க உதவும்.

போதுமா என்று பார்க்க ஜிம் எடை மெஷினே போதும். உள்ளே போகும்போது 70.0, வியர்வையைத் துடைத்துவிட்டு வரும்போது 69.4, நடுவில் குடித்தது 300 மில்லி என்றால் வியர்த்தது சுமார் 900 மில்லி. குறைந்த 600 கிராமுக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 900 மில்லியை, இரவுச் சாப்பாட்டோடு சேர்த்து மெதுவாகக் குடிக்கலாம். எடை ஏறியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள், அடுத்த நாள் குறையுங்கள்.

என் அனுபவம் ஒரு மணி நேர வெயிட் பயிற்சிவரைதான். நீண்ட தூர ஓட்டத்துக்கு உப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சிறுநீரகம், இதயத் தொந்தரவு உள்ளவர்களுக்கு டாக்டர் சொன்ன அளவே அளவு.