தங்கிய சரக்கின் வயது: ஒரே கையிருப்புக்கு மூன்று விடைகள்

சரக்கு வந்த நாளிலிருந்து 30, 90, 180 நாள் என்று கட்டம் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு பணம் முடங்கிக் கிடக்கிறது என்று காட்டும் ஏஜிங் ரிப்போர்ட்டைச் சென்னையில் பல கடைகள் மாதந்தோறும் எடுக்கின்றன. ஆனால் "வந்த நாள்" என்று எதைக் கொள்வது என்பதில் மூன்று முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. எதைத் தேர்கிறோமோ அதற்கேற்ப விடை தலைகீழாக மாறிவிடுகிறது.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் உள்ள ஓர் உதிரிபாகக் கடையை எடுத்துக்கொள்வோம். 2025 மார்ச் 31 அன்று அங்கே ஒரு வகை கிளட்ச் பிளேட் 100 இருக்கிறது. மார்ச் 10 அன்று 600 ரூபாய் விலையில் 20, ஜனவரி 5 அன்று 580 ரூபாயில் 30, முந்தைய செப்டம்பர் 20 அன்று 550 ரூபாயில் 60 என்று கொள்முதல் நடந்திருக்கிறது. அதற்கும் முன்னால் 2024 ஏப்ரலில் 520 ரூபாய்க்கு ஒரு லாட் வந்தது. எல்லா விலையும் ஜிஎஸ்டி நீங்கலானது.

முதல் முறை, கடைசியாகச் சரக்கு வந்த தேதியையே அந்த ஐட்டம் முழுவதற்கும் வயதாக வைப்பது. எக்செல்லில் செய்வது சுலபம் என்பதால் இது பரவலாக இருக்கிறது. இதன்படி 100 பிளேட்டும் 21 நாள் வயதுடையவை. பழைய சரக்கு என்று ஒரு ரூபாய்கூடக் காட்டாது. தேவைக்கு மேல் திரும்பத் திரும்ப வாங்கப்படும் ஐட்டம்தான் இந்த முறையில் எப்போதும் புதிதாகத் தெரியும் என்பதால், எந்தத் தவற்றைக் கண்டுபிடிக்க ரிப்போர்ட் எடுக்கிறோமோ அதையே இது மறைத்துவிடுகிறது. இதைக் கைவிடலாம் என்று தயங்காமல் சொல்வேன்.

இரண்டாவது, முதலில் வந்தது முதலில் விற்றதாகக் கொண்டு, கையிருப்பைக் கடைசி பில்லிலிருந்து பின்னோக்கி நிரப்பிக்கொண்டு போவது. மார்ச் பில்லின் 20, ஜனவரி பில்லின் 30 போக மீதி 50 பிளேட்டும் செப்டம்பர் பில்லுக்குப் போகின்றன. அவற்றின் வயது 192 நாள். மொத்தக் கையிருப்பு 56,900 ரூபாய், அதில் 180 நாளைத் தாண்டியது 27,500 ரூபாய்.

மூன்றாவது, ஒவ்வொரு லாட்டுக்கும் தேதி ஒட்டி, ரேக்கில் உண்மையில் எது மிஞ்சியிருக்கிறது என்று எண்ணுவது. புதுப் பெட்டியை முன்னால் அடுக்கி முன்னாலிருந்தே எடுத்துக் கொடுப்பது கடைப் பையன்களின் வழக்கம் என்பதால், எண்ணிப் பார்த்தால் மார்ச் லாட்டில் 5, ஜனவரியில் 25, செப்டம்பரில் 60 முழுதும், ஏப்ரலில் 10 என்று கிடைக்கிறது. 180 நாளைத் தாண்டியது இப்போது 38,200 ரூபாய்.

உண்மைச் சரக்கை எண்ணியதால் மூன்றாவது விடையே சரி என்று தோன்றும். முடங்கிய பணத்தைப் பொறுத்தவரை நான் அப்படிக் கருதவில்லை. கெட்டுப்போகாத, ஒன்றுக்கு ஒன்று மாற்றாக விற்கக்கூடிய சரக்கில் எந்தப் பெட்டி முதலில் வெளியே போனது என்பதால் தேவை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அதிகமாக வாங்கியது எவ்வளவு என்ற கேள்விக்கு 27,500 என்பதே நேரான விடை. கூடுதலாகத் தெரியும் 10,700 ரூபாய், ரேக்கில் பழையது பின்னால் தங்குகிறது என்பதைக் காட்டுகிறது. அதைத் திருத்த வேண்டியது அடுக்குகிறவரே தவிர, ஆர்டர் போடுகிறவர் அல்ல. ஆனால் ஆயில் சீல், ரப்பர் புஷ், பசை போன்று நாளாக ஆகத் தன்மை மாறும் சரக்குக்கு லாட் தேதி கட்டாயம். அங்கே பின்னால் கிடக்கும் பெட்டி உண்மையிலேயே விலை போகாமல் ஆகிவிடும். ஆகவே எல்லா ஐட்டத்துக்கும் லேபிள் ஒட்டும் உழைப்பைச் செலவிடாமல், இத்தகைய சிலவற்றுக்கு மட்டும் லாட் முறையையும், மற்றவற்றுக்கு இரண்டாவது முறையையும் வைப்பதே என் பரிந்துரை.

இரண்டாவது முறை எளிதில் கெடுவது குடோன் மாற்றத்தில்தான். அம்பத்தூர் குடோனிலிருந்து கடைக்கு வந்த சரக்கையோ, வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்ததையோ புது வரவாகப் பதிந்தால், 192 நாள் சரக்கு ஒரே நாளில் புதிதாகிவிடும். புது நிதியாண்டுக்குத் தனி டேட்டா தொடங்கி, தொடக்க இருப்பை ஏப்ரல் 1 தேதியில் ஏற்றினாலும் இதே விளைவுதான். பழைய பில் தேதிகளோடு பிரித்தே ஏற்ற வேண்டும். இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு: போன மாதம் 180 நாளைத் தாண்டிய கட்டத்தில் இருந்த அளவு இந்த மாதம் குறைந்திருந்தால், அந்தக் குறைவு அந்த ஐட்டத்தின் மாத விற்பனையைவிட அதிகமா என்று பார்க்க வேண்டும். சப்ளையருக்குத் திருப்பி அனுப்பியதோ கழித்து எழுதியதோ இல்லாமல் அதிகமாகக் குறைந்திருந்தால், மாற்றப் பதிவுகளைத் திறந்து பார்க்க வேண்டும். கணக்கைச் சப்ளையர் பில்களை மட்டும் வைத்து, எல்லாக் கிளைக்கும் சேர்த்து முதலில் போட்டு, இடவாரியாகப் பிறகு பிரித்தால் இந்தப் பிழை பெரும்பாலும் எழாது.