வாளை உறையில் போட்ட பிறகுதான் ‘தீஃப்’ விளையாடத் தொடங்கினேன்

‘தீஃப் கோல்ட்’ வாங்கி 6 வருடம் ஆகிறது. லுக்கிங் கிளாஸ் ஸ்டூடியோஸ் உருவாக்கி 1998-ல் வெளிவந்த ‘தீஃப்: தி டார்க் ப்ராஜெக்ட்’ விளையாட்டின், கூடுதல் கட்டங்கள் சேர்த்த 1999 பதிப்பு இது. தள்ளுபடியில் வாங்கியது, ஒரு வாரத்தில் முடித்துவிட்டு அழித்துவிடலாம் என்று நினைத்தேன். இன்னும் என் லேப்டாப்பில்தான் இருக்கிறது.

நாயகன் ஒரு திருடன். பெயர் கேரட். தமிழில் எழுதினால் காய்கறி ஆகிவிடுகிறது, அதற்கு நான் பொறுப்பில்லை. முதல் வேலை, பாஃபோர்ட் பிரபுவின் மாளிகையில் புகுந்து அவருடைய செங்கோலைத் திருடுவது. இடுப்பில் வாள் கொடுத்திருக்கிறார்கள். வாள் கொடுத்தால் என்ன செய்வோம்? எதிரே வந்த முதல் காவலன் மேல் பாய்ந்தேன். அவன் தடுத்தான், திருப்பி வெட்டினான், கத்தினான். சத்தம் கேட்டு இன்னொருவன் வந்தான். ஒருவனைச் சமாளிப்பதே பெரும்பாடு, இரண்டாமவன் வந்ததும் கதை முடிந்தது. அன்றிரவு இதையே பத்துப் பன்னிரண்டு முறை செய்தேன். ‘கண்ட்ரோல் சரியில்லாத பழைய கேம்’ என்று ஒரு நண்பனிடம் புலம்பியதும் நினைவிருக்கிறது.

கண்ட்ரோலில் குறை ஒன்றுமில்லை. கேரட்டை மோசமான சண்டைக்காரனாகத்தான் படைத்திருக்கிறார்கள். இதை எனக்குப் புரிய வைத்தது திரையின் அடியில் நடுவே இருக்கும் ஒரு சின்னக் கல். நாம் எவ்வளவு வெளிச்சத்தில் இருக்கிறோம் என்பதை அது காட்டும். இருட்டில் நின்றால் கறுத்துவிடும், விளக்கடியில் நின்றால் மின்னும். ஒரு மூலையில் குனிந்து உட்கார்ந்து, சும்மா வாளை உருவிப் பார்த்தேன். கல் கொஞ்சம் வெளுத்தது. உறையில் போட்டேன், திரும்பக் கறுத்தது. உருவிய வாள் நம்மைக் காட்டிக்கொடுக்கிறது! அதற்குப் பிறகு வாளை அவ்வளவாகத் தொடவில்லை. ஆட்டத்தை எக்ஸ்பர்ட் நிலைக்கு மாற்றினேன். அதில் மனிதர் யாரையும் கொல்லக் கூடாது, கொன்றால் கட்டம் தோல்வி. கேட்கக் கடினமாக இருந்தாலும் எனக்கு இதுதான் சுலபமாக இருந்தது, சண்டை என்ற வழி மனதிலிருந்தே போய்விட்டது.

அடுத்து காது. கல் கண்ணுக்கு என்றால் தரை காதுக்கு. கம்பளத்திலும் புல்லிலும் நடந்தால் சத்தம் அநேகமாக வராது. மரத்தரையில் கொஞ்சம் வரும். பளிங்கிலும் ஓட்டுத்தரையிலும் டக் டக் என்று கூடம் முழுக்கக் கேட்கும், உலோகத் தகடு என்றால் சொல்லவே வேண்டாம். இது நமக்கு மட்டுமில்லை, காவலர்களுக்கும் இப்படித்தான். கண்ணை மூடிக்கொண்டே ‘இவன் இப்போது பளிங்கில் வருகிறான், இதோ கம்பளத்தில் ஏறிவிட்டான், திரும்புகிறான்’ என்று சொல்லிவிடலாம். மூடிய கதவுக்குப் பின்னால் இருப்பவனின் சத்தம் மங்கும், கதவைத் திறந்தால் தெளியும். 1998-ல் இதை எப்படிச் செய்தார்கள் என்று இன்றும் வியப்புதான்.

இதில் ஒரு கிறுக்குத்தனமும் நடந்தது. இரண்டாம் வருடம் ஒரு மாதம் முழுக்க ஆட்டம் எனக்குக் கைகொடுக்கவே இல்லை. எந்தப் பக்கம் காவலன் வருகிறான் என்று கணித்தாலும் தப்பாகவே போனது. திறமை துருப்பிடித்துவிட்டது என்று நினைத்தேன். கடைசியில் பார்த்தால் ஹெட்போனின் இடது காது செத்துப்போயிருந்தது. ஸ்பீக்கரில் விளையாடுகிறவர்கள் இந்த ஆட்டத்தில் பாதியைத்தான் விளையாடுகிறார்கள் என்பேன்.

சரி, பொறுமை என்பது நடைமுறையில் எப்படி இருக்கும்? பாஃபோர்ட் மாளிகையையே எடுத்துக்கொள்வோம். வாசலில் காவல், அந்த வழி வேண்டாம். பக்கத்தில் சுற்றிப் போனால் ஒரு கிணற்று வீடு, அந்தக் கிணற்றில் குதித்து நீந்தினால் மாளிகையின் அடித்தளம். மேலே ஏறினால் பளிங்குத் தரை போட்ட கூடம், சுவரில் தீப்பந்தம், ஒரு காவலன் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருப்பான். இங்கேதான் நான் முன்பெல்லாம் சாவேன்.

இப்போது கூடத்துக்குள் காலே வைப்பதில்லை. கதவோரம் இருட்டில் குனிந்து, உடலை வைத்த இடத்திலேயே விட்டுத் தலையை மட்டும் சாய்த்து எட்டிப்பார்க்கிறேன். அவன் போய்த் திரும்பி வருவதை முழுதாக இரண்டு முறை பார்ப்பேன். ஒருமுறை பார்த்தால் போதாது, சிலர் ஒரு சுற்றில் நேராகப் போய் அடுத்த சுற்றில் வேறு அறைக்குள் திரும்புவார்கள். பார்க்கும்போது மனதில் எண்ணுவேன். அவன் முதுகைக் காட்டி நடக்கும் நேரம் 15 எண்ணிக்கை என்றால் 10 தான் என் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வேன். அப்புறம் அவன் தூரக் கோடிக்குப் போகும் நேரத்தில் வில்லில் நீர் அம்பைப் பூட்டி, கதவுக்கு அருகிலிருக்கும் பந்தத்தின் மேல் ஒன்று. பந்தம் அணையும், கூடத்தின் பாதி இருட்டாகும். அவன் திரும்பி நடந்து வந்து, அந்த இருட்டைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் என்னைத் தாண்டிப் போவான்.

இது ஆட்டத்தின் குறை என்றும் சொல்லலாம். எரிந்த பந்தம் அணைந்துகிடந்தால் எந்தக் காவலனுக்கும் சந்தேகம் வர வேண்டாமா? இவர்களுக்கு வராது. இதே ஆட்கள் சத்தத்தில் மட்டும் நுணுக்கமானவர்கள். ஒரு காலடி கேட்டால் நின்று ‘யாரது’ என்பார்கள். இன்னொன்று கேட்டால் வாளோடு தேடி வருவார்கள். ஒன்றும் இல்லையென்றால் எலியாக இருக்கும் என்று தங்களையே சமாதானப்படுத்திக்கொண்டு பழைய நடைக்குத் திரும்புவார்கள். நான் கற்றுக்கொள்ள ரொம்ப நாள் எடுத்தது இந்தக் கடைசி விஷயத்தை. அவன் ‘யாரது’ என்றதும் ஓடத் தோன்றும். ஓடினால் அடுத்த காலடி கேட்கும், நாமே அவனைத் தேட வைத்ததாகிவிடும். அசையாமல் இருந்தால், கல் கறுப்பாக இருக்கும்வரை, அவன் கையெட்டும் தூரத்தில் வந்து நின்று போனாலும் பார்க்க மாட்டான். அந்த நேரத்தில் மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுவேன். எடுக்காவிட்டால் விரல் அதுவாக எதையாவது செய்துவிடும்.

கருவிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீர் அம்பு இருட்டை உண்டாக்குகிறது என்றால் பாசி அம்பு மௌனத்தை உண்டாக்குகிறது. விழுந்த இடத்தில் பாசி பரவும், பளிங்கிலும் தகட்டிலும் அதன் மேல் நடந்தால் சத்தமில்லை. கயிற்றம்பு மரத்தில் குத்தி நின்று கயிறு தொங்கவிடும், ஏறிய பின் பிடுங்கி எடுத்துக்கொள்ளலாம். அதனால் ஒரு அறைக்குள் நுழைந்ததும் மேலே பார்த்து மர உத்தரம் இருக்கிறதா என்று தேடும் பழக்கம் வந்துவிட்டது. ஒலியெழுப்பும் அம்பு காவலனை வேண்டிய மூலைக்கு இழுக்கும். ஆனால் அது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை, மேசைமேல் இருக்கும் ஒரு தட்டை எடுத்து எறிந்தாலே அதே வேலை நடக்கும். மயக்கும் வாயு அம்பு மாதிரி விலை கூடியவற்றை நான் சேர்த்து வைத்துச் சேர்த்து வைத்து, கட்டம் முடியும்போது அப்படியே விட்டிருக்கிறேன். மிச்சப்படுத்தியது அடுத்த கட்டத்துக்கு வராது என்று தெரிந்தும்.

தடி ஒன்றும் உண்டு. சந்தேகப்படாத காவலனின் பின்னால் போய் ஒரே அடி, விழுந்துவிடுவான். இதுவும் ஒருவகையில் பொறிதான். ஆரம்பத்தில் எல்லாரையும் அடித்துச் சாய்த்து, உடல்களைத் தூக்கி ஒரே அறையில் குவித்துவைத்தேன். மாளிகை காலி, பிறகு ஓடித் திரிந்து கொள்ளையடித்தேன். மெதுவாகச் செய்த சண்டை, அவ்வளவுதான். காவலர்களைக் கவனிக்க வேண்டிய தேவையே போய்விட்டதால் கட்டத்தின் வடிவமும் மனதில் நிற்கவில்லை.

எனக்கு இதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது ‘அசாசின்ஸ்’ கட்டத்தில். கேரட்டுக்கு விட்ட அம்பு கடைக்காரனைக் கொன்றுவிடுகிறது. எய்த இரண்டு பேரைப் பின்தொடர்ந்து, யார் அனுப்பினார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். அவர்கள் பார்த்தாலும் தோல்வி, தவறவிட்டாலும் தோல்வி. ஊர்த்தெரு முழுக்கக் கல் பாவியது, ஓடினால் காட்டிக்கொடுக்கும். கண்ணால் பின்தொடரப் பார்த்துத் தோற்றுக்கொண்டே இருந்தேன். பார்க்கிற தூரத்தில் இருந்தால் அவர்களும் பார்க்கிற தூரம்தானே. ஒரு திருப்பம் பின்தங்கி, அவர்களுடைய காலடியை மட்டும் கேட்டுக்கொண்டு போனபோதுதான் முடிந்தது. சத்தம் மங்கினால் வேகமாக நடை, தெளிந்தால் நிறுத்தம். அவர்கள் போய்ச் சேருவது ராமிரெஸ் என்ற பெரும்புள்ளியின் மாளிகை. அதன்பின் அவன் வீட்டிலேயே புகுந்து, அவன் இடுப்பிலிருக்கும் பணப்பையை உருவ வேண்டும்.

எல்லாக் கட்டமும் இப்படி இருக்காது. ‘போன்ஹோர்ட்’ மாதிரி பிணங்கள் நடமாடும் கல்லறைக் கட்டங்களை நான் விரும்பி மறுபடி ஆடியதே இல்லை. தடி வேலை செய்யாது, வாளால் வீழ்த்தினாலும் எழுந்து வரும். திருட வந்தவனை எதற்குச் சுடுகாட்டில் விட்டார்கள் என்று எரிச்சல்தான் வரும். 2000-ல் வந்த இரண்டாம் பாகத்தில் மாளிகைகளும் வங்கியும் கூரைகளும் அதிகம், திருட்டு மட்டும் வேண்டுமென்றால் அங்கிருந்தே தொடங்கலாம். தூக்கிப்போட்டால் அது விழுந்த இடத்தைக் காட்டும் கண் ஒன்றும் அதில் இருக்கிறது.

இன்றைய விண்டோஸில் பழைய ஆட்டம் அப்படியே ஓடாமல் மக்கர் செய்தால், ரசிகர்கள் உருவாக்கிய TFix என்ற இணைப்பைப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இந்த வருடம் ஒரே ஒரு முயற்சிதான். யாரையும் அடிக்காமல், யாருக்கும் சந்தேகம் வராமல் ராமிரெஸின் பையை எடுப்பது. இப்படி ஆடுவதைப் பழைய ரசிகர்கள் ‘கோஸ்ட்’ என்பார்கள். போன ஞாயிறு அவன் முதுகுக்குப் பின்னால்வரை போய்விட்டேன். பை கண்ணெதிரே ஆடுகிறது. அவசரத்தில் அரை அடி கூடுதலாக நடந்து அவனையே இடித்துவிட்டேன்.