பட்டூரா உப்புவதற்கு எண்ணெய்க்கு முன்னால் மாவின் சூட்டைப் பாருங்கள்

சில வருடங்களாக பட்டூரா சுடும்போது ஊசி முனை தெர்மாமீட்டர் ஒன்றைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். எண்ணெய்க்காகத்தான் வாங்கினேன். இன்று அது எண்ணெயைவிட மாவுக்குத்தான் அதிகம் பயன்படுகிறது. பட்டூரா உப்பவில்லை என்றால் எல்லோரும் அடுப்பைத்தான் குறை சொல்வார்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் மாவு குளிர்ந்திருப்பதுதான் காரணம்.

நான் பிசையும் அளவு இது: மைதா 250 கிராம், ரவை 2 மேசைக்கரண்டி, தயிர் 75 கிராம், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, சோடா உப்பு ஒரு சிட்டிகை. தண்ணீர் 80 மில்லி அளவில் பிடிக்கும். தயிர் கெட்டியா நீர்த்ததா என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். பூரி மாவைவிட இளக்கமாக, கையில் லேசாக ஒட்டுகிற பதத்தில் இருக்க வேண்டும். மூடி வைத்து இரண்டு மூன்று மணி நேரம் விட்டால் எட்டு உருண்டைகள் வரும். அந்த நேரத்தில் தயிர் பெரிதாக வாயு எதையும் உண்டாக்குவதில்லை. அதன் புளிப்பு மாவை இளக்குகிறது, சோடாவோடு சேர்ந்து சிறு குமிழ்களைத் தருகிறது, அவ்வளவுதான். பட்டூராவைப் பந்தாகத் தூக்குவது மாவில் உள்ள தண்ணீர் ஆவியாக மாறும் வேகம்.

அதனால்தான் மாவின் சூடு முக்கியம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மாவு 5, 6 டிகிரியில் இருக்கும். அதைத் தேய்த்தால் ரப்பர் மாதிரி சுருங்கிக்கொள்ளும். வலுக்கட்டாயமாகத் தேய்த்தால் ஓரம் மெலிந்து நடு தடித்துவிடும். எண்ணெயில் போட்டதும் மேல்தோல் இறுகிவிடும், நடுப்பகுதி அப்போதுதான் சூடேறத் தொடங்கியிருக்கும். ஆவி கிளம்பும்போது தோல் விரிந்து கொடுக்காது. அங்கங்கே சின்னக் கொப்புளம் வந்து நின்றுவிடும். மாவின் நடுவில் 25 முதல் 28 டிகிரி இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. முந்தின இரவே பிசைந்து ஃப்ரிட்ஜில் வைப்பவர்கள், மாவை முதலில் உருண்டைகளாகப் பிரித்து, எண்ணெய் தடவி, மூடி வெளியே வைக்க வேண்டும். மொத்த மாவாக வைத்தால் வெளிப்புறம் தளர்ந்த பிறகும் உள்ளே சில்லென்றுதான் இருக்கும். உருண்டைகளாக இருந்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம் போதும். தெர்மாமீட்டர் இல்லையா? விரலால் அழுத்துங்கள். குழி மெதுவாக, முழுதும் நிரம்பாமல் மேலே வந்தால் சரி. சட்டென்று எழும்பினால் இன்னும் பொறுக்க வேண்டும்.

சூடு கூடினாலும் சிக்கல்தான். வெயில் காலத்தில் மாவை அடுப்படியிலேயே அரை நாள் விட்டால் அளவுக்கு மீறிப் புளித்து, தேய்க்கும்போதே கிழியும். கிழிந்த இடத்தில் ஆவி வெளியேறிவிடும், எண்ணெயும் உள்ளே இறங்கும். அப்படிப் புளித்த மாவை பட்டூராவாக மீட்க முடியாது. தோசைக்கல்லில் தடிமனாகப் போட்டு ஒப்பேற்றலாம்.

தேய்க்கும்போது மாவு தூவாமல் கட்டைக்கு எண்ணெய் தடவுங்கள். தூவிய மாவு எண்ணெயில் கருகி அடுத்த பட்டூராவில் புள்ளி புள்ளியாக ஒட்டும். கனம் 3 மில்லிமீட்டர் போதும், ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

எண்ணெய் 190 டிகிரி. தெர்மாமீட்டர் முனை கடாயின் அடியைத் தொட்டால் பொய்க்கணக்கு காட்டும். அது கைவசம் இல்லாவிட்டால் மிளகளவு மாவைப் போட்டுப் பாருங்கள்: ஓரிரு நொடியில் மேலே வந்து, உடனே நிறம் மாறாமல் இருந்தால் பதம். போட்டதும் ஜல்லிக் கரண்டியின் முதுகால் மெல்ல அழுத்தி, மேலே சூடான எண்ணெயைத் தள்ளிவிடுங்கள். உப்பியதும் ஒரே ஒரு முறை திருப்பினால் போதும். மொத்தம் 40 நொடி அளவில் எடுத்துவிடுவேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு எண்ணெயின் சூடு இறங்கும். அது மீண்டும் ஏறும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு மூன்றாவது பட்டூரா தட்டையாகத்தான் வரும்.

மென்மை போவதும் இங்கேதான். 165 டிகிரியில் போட்டால் உப்பினாலும் சிவக்க ஒன்றரை நிமிடம் பிடிக்கும். அதற்குள் ஈரம் போய், ஆறியதும் ஓடு மாதிரி ஆகிவிடும். நன்றாக வந்ததும் ஆறினால் அமுங்கும்தான், அது குறையில்லை. எண்ணெய் வடிந்ததும் துணி விரித்த பாத்திரத்தில் அடுக்கி, இன்னொரு துணியால் மூடினால் ஒரு மணி நேரத்துக்கு மெத்தென்று இருக்கும். இறுக்கமான மூடி போட்டால் வேர்த்து நசநசவென்று ஆகிவிடும்.

வாழைப்பழம் சேர்க்கும் மங்களூர் பன்ஸுக்கு மட்டும் இந்த எண்ணெய்க் கணக்கு பொருந்தாது. பழத்திலும் சர்க்கரையிலும் உள்ள இனிப்பு சீக்கிரம் கருகும், கனமும் அதிகம். அதனால் 170 பக்கம் இறக்கிக்கொள்கிறேன். மாவின் சூடு மட்டும் அதே 25, 28தான்.