எழுத்துக்குப் பின்னால் கூட்டமான படம்: டூயோடோனா, கிரேடியன்ட் மேப்பா?

பூச்சந்தைப் படத்தின் மேல் வெள்ளை எழுத்து வைக்க வேண்டும். கேன்வாவின் டூயோடோனில் நிழலுக்கு ஒன்று, வெளிச்சத்துக்கு ஒன்று என இரண்டே நிறங்கள், நிமிடத்தில் முடியும். ஆனால் வெளிச்ச நிறம் வெளிறியதாக இருந்தால் மல்லிகைக் குவியல் பளிச்சென்றே நிற்கும், எழுத்து அதில் கரையும். நிறக் குழப்பம் தீரும், வெளிச்சக் குழப்பம் தீராது.

ஃபோட்டோஷாப்பின் கிரேடியன்ட் மேப்பில் நடுவிலும் நிறம் வைக்கலாம். இருண்ட முனை #0B1F3A, வெளிச்ச முனை #3E5C85. இப்போது மல்லிகையும் இடைநீலம்தான். வெள்ளை எழுத்துக்கு அதன் மேல் சுமார் 6.8:1 வெளிச்ச வேறுபாடு. நடு நிறத்தையும் இருண்ட முனையின் நிறத்துக்கு நெருக்கமாக எடுத்தால் இலை, கூடை விவரங்களும் அடங்கும். தனி லேயராகப் போட்டால் பிறகு மாற்றலாம். அதே மென்பொருளின் டூயோடோன் மோடு அச்சு மைகளுக்கானது. முதலில் கிரேஸ்கேலாக்கச் சொல்லும், சமூக ஊடகப் பதிவுக்கு அது வேண்டாத வேலை.

அவசரத்துக்கு டூயோடோன் சரி, வெளிச்ச நிறத்தையும் அடர்த்தியாக எடுத்தால். நான் எடுப்பது மேப்தான்.